14.4 லட்சமா, 13.2 லட்சமா? இரண்டு ஆஃபர் ஸ்கிரீன்ஷாட்களில் கையில் வருவது எது அதிகம்?

வைகறை (செவ்வாய், இரவு 9.40)

வணக்கம். இரண்டு நிறுவனங்களிலிருந்து வேலைக்கான ஆஃபர் வந்திருக்கிறது. இரண்டும் சென்னையில்தான், இரண்டு அலுவலகங்களும் வீட்டிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவு. பெயர்களை மறைத்து இரண்டு ஸ்கிரீன்ஷாட்களையும் இணைத்திருக்கிறேன். படம் திறக்காதவர்களுக்காக அதில் உள்ளதை எழுதிவிடுகிறேன்.

முதல் ஆஃபர்: ஆண்டு சிடிசி 14,40,000. மாதத்துக்கு அடிப்படைச் சம்பளம் 60,000, வீட்டு வாடகைப் படி 24,000, சிறப்புப் படி 11,914. அதற்குக் கீழே ஆண்டுக் கணக்கில் நிறுவனத்தின் பிஎஃப் பங்கு 86,400, கிராஜுவிட்டி 34,632, மருத்துவக் காப்பீடு 24,000, வேரியபிள் 1,44,000.

இரண்டாவது ஆஃபர்: ஆண்டு சிடிசி 13,20,000. மாதத்துக்கு அடிப்படைச் சம்பளம் 55,000, வாடகைப் படி 27,500, சிறப்புப் படி 25,700, நிறுவனத்தின் பிஎஃப் பங்கு 1,800. அவ்வளவுதான். கிராஜுவிட்டியும் காப்பீடும் 'நிறுவன விதிப்படி' என்று அடியில் ஒரு வரி மட்டும் இருக்கிறது.

12 ஆல் வகுத்தால் முதலாவது மாதம் 1,20,000, இரண்டாவது 1,10,000. பத்தாயிரம் கூடுதல் என்பதால் முதலாவதை ஏற்கலாம் என்று நினைக்கிறேன். மாத வாடகை 18,000, கல்விக் கடன் தவணை 22,000, வீட்டுக்கு 25,000 அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எதையாவது கவனிக்காமல் விட்டிருக்கிறேனா?

செம்பருத்தி (செவ்வாய், இரவு 10.05)

முதலாவதைத் தயங்காமல் எடுங்கள். 1,20,000 ரூபாய் வித்தியாசம் சும்மாவா? அடுத்த நிறுவனத்துக்குப் போகும்போதும் கடைசியாக வாங்கிய சிடிசியைத்தான் கேட்பார்கள்.

பேரேடு (செவ்வாய், இரவு 10.50)

அவசரப்பட வேண்டாம். இருபது ஆண்டுகளாகச் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருக்கிறேன். சிடிசியை 12 ஆல் வகுத்து வரும் எண் எந்தச் சம்பளச் சீட்டிலும் வராது. அந்த எண்ணை மறந்துவிட்டுக் கீழிருந்து மேலே போங்கள்.

முதல் படத்தில் ஒவ்வொரு மாதமும் உறுதியாக வருவது மூன்று வரிகள்தாம்: 60,000, 24,000, 11,914. கூட்டினால் 95,914. நிறுவனத்தின் பிஎஃப் பங்கு உங்கள் பிஎஃப் கணக்குக்குப் போகும், காப்பீட்டுத் தொகை காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும், கிராஜுவிட்டி பொதுவாக ஐந்து ஆண்டுப் பணி முடிந்தால்தான் வரும், வேரியபிள் ஆண்டு முடிந்தபின் வரலாம். இந்த நான்கும் சேர்ந்துதான் 95,914-ஐ 1,20,000 ஆகக் காட்டுகின்றன.

இனிப் பிடித்தம். நிறுவனம் முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் 12 சதவீதம் பிஎஃப் கட்டுகிறது என்பது 86,400 என்ற எண்ணிலிருந்தே தெரிகிறது. அப்படியானால் உங்கள் பங்காகவும் மாதம் 7,200 பிடிப்பார்கள். ஸ்கிரீன்ஷாட்டில் இந்தப் பிடித்தம் எங்கும் காட்டப்படவில்லை; பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சென்னை மாநகராட்சித் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250, அதாவது மாதச் சராசரி 208. நிலையான சம்பளத்தை மட்டும் வைத்தால் புதிய முறையில் வருமான வரி இல்லை. எனவே கையில் வருவது சுமார் 88,506.

இரண்டாவதில் மாதம் 1,08,200. பிஎஃப் 15,000 ரூபாய் உச்சவரம்பு வரை மட்டுமே என்பதால் உங்கள் பங்கு 1,800. தொழில் வரி 208. வருமான வரி மாதம் 2,028 வரும், அதை எப்படிக் கணக்கிட்டேன் என்று பிறகு சொல்கிறேன். கையில் 1,04,164.

ஆக, பத்தாயிரம் குறைவு என்று நீங்கள் நினைத்த ஆஃபர், மாதம் 15,658 கூடுதலாகத் தருகிறது.

வைகறை (செவ்வாய், இரவு 11.15)

படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். 95,914 என்ற கூட்டுத்தொகை சின்ன எழுத்தில் இருக்கிறது, 14,40,000 தடித்த எழுத்தில். 88,506 வந்தால் வாடகை, தவணை, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போக 23,500 மிஞ்சும். இப்போதைய வேலையிலேயே கிட்டத்தட்ட அதுதான் மிஞ்சுகிறது.

தென்கரை (புதன், காலை 7.20)

இரண்டாவதில் ஒரு பொறி இருக்கிறது. 12 லட்சத்து 75 ஆயிரம் வரைதான் வரி இல்லை. அதைத் தாண்டினால் தள்ளுபடி முழுவதும் போய், 60,000 ரூபாய்க்கு மேல் வரி ஒரேயடியாக விழும். அவருக்கு 12,98,400 வருகிறது. 23,400 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்து 60,000 வரி கட்டுவதா? சம்பளத்தைக் குறைத்துக் கேட்பதே நல்லது.

பேரேடு (புதன், காலை 8.10)

தென்கரை சொல்வதில் பாதி சரி. தள்ளுபடி போகும் என்பது உண்மை. ஆனால் எல்லையைச் சற்றே தாண்டியவர்களுக்குச் சட்டத்திலேயே ஒரு தணிப்பு உண்டு: தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது.

2025-26 நிதியாண்டு முதல் உள்ள விகிதப்படி பார்ப்போம். 12,98,400-இல் நிலையான கழிவு 75,000 போனால் 12,23,400. சாதாரணமாக இதற்கு 63,510 வரி வரும். ஆனால் 12 லட்சத்தைத் தாண்டியது 23,400 மட்டுமே என்பதால் வரியும் 23,400-இல் நின்றுவிடும். அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் வரி சேர்த்தால் 24,336. அதை 12 ஆல் வகுத்ததுதான் நான் சொன்ன 2,028.

கூடுதலாகக் கிடைக்கும் 23,400 ரூபாயும், மேலே இன்னும் 936 ரூபாயும் அரசுக்குப் போய்விடுகின்றன. அந்த அளவில் தென்கரையின் எரிச்சல் நியாயமானது. ஆனால் 60,000 என்ற பயம் வேண்டாம்.

சம்பளத்தைக் குறைத்துக் கேட்பதற்குப் பதிலாக வேறொன்றைக் கேட்கலாம். நிறுவனத்தின் பங்காக என்பிஎஸ் கணக்கில் பணம் போட வழி உண்டா என்று கேளுங்கள். புதிய வரிமுறையிலும் அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை அதற்கு விலக்கு உண்டு. உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. சிறப்புப் படியிலிருந்து மாதம் 2,000-ஐ மட்டும் அப்படித் திருப்பினால் ஆண்டுக்கு 24,000 கழிந்து, வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குக் கீழே வந்துவிடும். வரி பூஜ்யம். கையில் வருவது 1,04,192, முன்பைவிட 28 ரூபாய் அதிகம். வரியாகப் போயிருக்க வேண்டிய பணம் உங்கள் பெயரில் ஓய்வூதியக் கணக்கில் சேரும்.

இரண்டு எச்சரிக்கைகள். அந்தப் பணத்தை நினைத்தபோது எடுக்க முடியாது. மேலும், வங்கி வட்டி போன்ற வேறு வருமானம் இருந்தால் அதையும் சேர்த்துத்தான் 12 லட்சம் பார்க்கப்படும். இருந்தால் திருப்பும் தொகையை அதற்கேற்பக் கூட்ட வேண்டும்.

தென்கரை (புதன், காலை 8.35)

தணிப்பு விஷயம் எனக்குத் தெரியாது. போன ஆண்டு இதற்காகவே ஒரு போனஸைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டேன். எழுதியதற்கு நன்றி.

மணிமுத்தாறு (புதன், காலை 9.00)

வாடகை 18,000 கட்டுகிறார் அல்லவா? பழைய வரிமுறையில் வாடகைப் படிக்கு விலக்கு கிடைக்குமே. சேமிப்புக்கு ஒன்றரை லட்சம் கழிவும் உண்டு. அதை ஏன் யாரும் பேசவில்லை?

பேரேடு (புதன், காலை 9.25)

பேசும் அளவுக்கு அதில் பயன் இல்லை. இரண்டாவது ஆஃபரையே எடுத்துக்கொள்ளுங்கள். வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கு போக மாதம் 12,500-க்கு விலக்கு. அதையும் ஒன்றரை லட்சச் சேமிப்பையும் நிலையான கழிவையும் தொழில் வரியையும் கழித்தபின்னும் 9,45,900 மிஞ்சும். பழைய விகிதத்தில் அதற்கு வரி 1,05,747. புதிய முறையில் 24,336. வீட்டுக் கடன் வட்டி பெரிதாக இருப்பவர்கள் போட்டுப் பார்க்கலாம். இவருக்கு வேண்டாம்.

நெல்மணி (புதன், பகல் 1.10)

எல்லோரும் பிஎஃப்பை ஏதோ தொலைந்துபோன பணம் போலப் பேசுகிறீர்கள். அது வருத்தமாக இருக்கிறது. முதல் ஆஃபரில் அவர் பங்கு 7,200, நிறுவனத்தின் பங்கு 7,200, ஆக மாதம் 14,400 அவர் பெயரில் சேர்கிறது. இரண்டாவதில் 3,600 மட்டும். மாதம் 10,800 குறைவு. 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்தார்கள். என் கணவருக்கு வேலை போனபோது எட்டு மாதம் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது இந்தப் பணத்தில்தான். 15,658 கூடுதல் என்று மட்டும் சொல்லி அவரை இரண்டாவதுக்குத் தள்ளாதீர்கள்.

பேரேடு (புதன், மாலை 6.40)

அம்மா, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அவர் கேட்டது கையில் வருவதைப் பற்றி என்பதால் அதோடு நிறுத்திவிட்டேன். சேர்த்துப் பார்ப்போம். நிறுவனத்தின் பங்கில் மாதம் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போனாலும் இரண்டு ஆஃபரிலும் ஒரே அளவுதான் போகும். அதனால் வித்தியாசம் மாறாது.

கையில் வருவதையும் பிஎஃப்பில் சேர்வதையும் கூட்டினால் முதலாவதில் ஆண்டுக்கு 12,34,868. இரண்டாவதில் 12,93,164. இரண்டாவது 58,296 மட்டுமே அதிகம். மாதத்துக்கு ஐயாயிரம்கூட இல்லை. முதலாவதில் இன்னும் வேரியபிளைச் சேர்க்கவில்லை.

ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: 1,44,000 வேரியபிளில் உண்மையில் எவ்வளவு தருவார்கள்? 58,296 என்பது அதில் ஏறத்தாழ 40 சதவீதம். அதற்குக் கீழே தந்தால் இரண்டாவது ஆஃபர் மேல். அதற்கு மேலே தந்தால் மொத்த மதிப்பில் முதலாவது மேல்.

இதிலும் வரி எல்லை குறுக்கே வருகிறது. 80 சதவீதம் தந்தால் 1,15,200 வரும், அவருடைய வருமானம் வரி எல்லைக்குள்ளேயே நிற்கும். முழுவதும் தந்தால் இன்னும் 28,800 வரும், ஆனால் 20,767 வரியாகப் போகும். கடைசி 20 சதவீதத்துக்காக ஆண்டு முழுவதும் ஓடினால் கையில் நிற்பது எட்டாயிரம்தான். வேரியபிளை முழுவதும் கொடுத்தாலும் கையில் வரும் பணத்தை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் ஆண்டுக்குச் சுமார் 64,660 முன்னால் நிற்கிறது.

கடலோரம் (புதன், இரவு 8.15)

வேரியபிள் பற்றி என் அனுபவம். முந்தைய நிறுவனத்தில் 12 சதவீதம் வேரியபிள் என்று நம்பிச் சேர்ந்தேன். நவம்பரில் சேர்ந்ததால், அக்டோபர் 1-க்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்த ஆண்டு மதிப்பீடே கிடையாது என்றார்கள். அடுத்த ஆண்டு 55 சதவீதம் அறிவித்தார்கள். பணம் ஜூன் மாதச் சம்பளத்தோடு வரும், அந்தத் தேதியில் பணியில் இருக்க வேண்டும். நான் மே மாதமே வேறு வேலைக்கு ராஜினாமா கொடுத்திருந்தேன். ஆக, இரண்டு ஆண்டில் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஆஃபர் கடிதத்தில் எல்லாம் எழுதியிருந்தது, எனக்கு வந்த ஸ்கிரீன்ஷாட்டில்தான் இல்லை. வைகறை, படத்தை வைத்து முடிவெடுக்காமல் முழுக் கடிதத்தையும் வாங்குங்கள்.

செம்பருத்தி (புதன், இரவு 8.50)

ஸ்கிரீன்ஷாட் என்றதும் ஒன்று கேட்கிறேன். முதல் நிறுவனத்துக்கு இரண்டாவது படத்தை அனுப்பி, இதற்கு மேல் தாருங்கள் என்று கேட்கலாமா? அவர் கேட்பது அதுதானே?

வைகறை (புதன், இரவு 9.10)

இல்லை, பேரம் பேசுவதற்காகக் கேட்கவில்லை. ஒருவர் ஆஃபரை இன்னொருவருக்குக் காட்ட எனக்கு மனமில்லை. எது எவ்வளவு என்று புரிந்துகொள்ளத்தான் இந்த இழை.

இன்னொன்று விட்டுவிட்டேன். முதலாவதின் காப்பீட்டில் பெற்றோரும் அடக்கம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். இரண்டாவதில் எனக்கு, மனைவிக்கு, குழந்தைக்கு மட்டும். இப்போது பெற்றோருக்குத் தனியாக ஆண்டுக்கு 38,000 கட்டிவருகிறேன். முதலாவதில் சேர்ந்தால் அதை நிறுத்திவிடலாம். அப்படியானால் அந்த 38,000-ஐ முதலாவதின் கணக்கில் கூட்ட வேண்டும் அல்லவா?

நெல்மணி (புதன், இரவு 9.45)

தயவுசெய்து அதை நிறுத்தாதீர்கள். நிறுவனக் காப்பீடு வேலை இருக்கும் வரைதான். என் தம்பி அப்படித்தான் அப்பாவின் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டான். ஒன்றரை ஆண்டில் வேலை மாறினான். புதிதாக எடுக்கப் போனபோது அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டும் என்று பாலிசியில் போட்டார்கள். இடையில் காலில் புண் வந்து படுத்தபோது முழுச் செலவும் கையிலிருந்துதான் போனது.

பேரேடு (புதன், இரவு 10.20)

நானும் அதைத்தான் சொல்வேன். பெற்றோரின் தனிப் பாலிசி தொடரும் என்றால் 38,000 இரண்டு ஆஃபரிலும் செலவுதான், கணக்கில் ஒன்றையொன்று அடித்துவிடும். நிறுவனக் காப்பீடு கூடுதல் பாதுகாப்பாக இருக்கட்டும்.

கிராஜுவிட்டியையும் முடித்துவிடுகிறேன். முதலாவதில் 34,632 என்று சிடிசிக்குள் போட்டிருக்கிறார்கள். இரண்டாவதில் போடவில்லை. அதனால் இரண்டாவதில் கிராஜுவிட்டி கிடையாது என்று பொருள் அல்ல, சட்டப்படி அங்கேயும் உண்டு. 55,000 அடிப்படைச் சம்பளத்துக்கு ஆண்டொன்றுக்கு 31,731 கணக்காகும். இருவரும் தரவேண்டிய ஒன்றை ஒருவர் சிடிசிக்குள் எழுதிக் காட்டுகிறார், இன்னொருவர் எழுதவில்லை. காப்பீடும் அப்படியே. சிடிசி வித்தியாசமான 1,20,000-இல் 58,632 இந்த இரண்டு வரிகளால் வந்தது.

தென்கரை (வியாழன், காலை 7.05)

ஒரு சந்தேகம். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டனவே. ஊதியத்தில் பாதியாவது அடிப்படையாக இருக்க வேண்டும் என்றால் இரண்டாவது நிறுவனம் பிஎஃப்பைக் கூட்டிவிடாதா? அப்போது கையில் வருவது குறையுமே.

பேரேடு (வியாழன், காலை 7.50)

இவருடைய 55,000 என்பது 1,08,200-இல் பாதிக்கு மேல், அதனால் அந்த விதி இங்கே எதையும் அசைக்காது. தவிர, பிஎஃப் 15,000 உச்சவரம்பில் கட்டப்படும் வரை அடிப்படைச் சம்பளம் கூடினாலும் பிடித்தம் 1,800-இல்தான் நிற்கும். அந்த உச்சவரம்பையே அரசு உயர்த்தினால் மாறும். எதிர்காலத்தை நான் கணக்கில் எழுத முடியாது.

மணிமுத்தாறு (வியாழன், காலை 8.30)

பேரேடு ஐயா, எனக்கு இன்னும் ஒப்பவில்லை. மாதம் 15,658 கூடுதலாகக் கையில் வந்தால் அதை யார் சேமிக்கிறார்கள்? செலவாகிவிடும். பிஎஃப் பிடித்தால் பத்து ஆண்டில் நிற்கும்.

கடலோரம் (வியாழன், காலை 9.15)

கல்விக் கடன் இருப்பவர் அந்தப் பணத்தைக் கடனில் கட்டினால் அதுவும் சேமிப்புதானே? வைகறை, உங்கள் கடனின் வட்டி எவ்வளவு?

வைகறை (வியாழன், காலை 9.40)

10.5 சதவீதம். இன்னும் 6 லட்சத்துக்குச் சற்று மேல் பாக்கி இருக்கிறது.

பேரேடு (வியாழன், பகல் 12.30)

அப்படியென்றால் கடன் முடியும் வரை 8.25 வட்டி தரும் கணக்கில் கூடுதலாகப் போடுவதைவிட 10.5 வட்டி கேட்கும் கடனை அடைப்பது உங்களுக்கு லாபம். கடன் முடிந்தபின் இரண்டாவது நிறுவனத்திலேயே விருப்பப் பங்காக உங்கள் பிஎஃப்பை உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் மணிமுத்தாறு சொல்லும் பலவீனம் மனிதர்களுக்கு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். சம்பளம் வந்த மறுநாளே 15,000 கடன் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்ய முடிந்தால்தான் என் கணக்கு நிற்கும்.

சேரும்போது இன்னொன்றை மறக்காதீர்கள். இந்த நிதியாண்டில் இப்போதைய நிறுவனத்தில் வாங்கிய சம்பள விவரத்தைப் புதிய இடத்தில் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு நிறுவனங்களும் தனித்தனியாக 12 லட்சத்துக்குள் என்று நினைத்து வரி பிடிக்காமல் விடும். கணக்குத் தாக்கல் செய்யும்போது மொத்தமாகக் கட்ட நேரிடும்.

வைகறை (வியாழன், இரவு 8.20)

இரண்டு மனிதவளத் துறைகளோடும் பேசிவிட்டேன்.

முதல் நிறுவனம்: கடந்த மூன்று ஆண்டுகளில் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். 'பொதுவாக நன்றாகவே இருக்கும்' என்றார்கள். மின்னஞ்சலில் எழுதித் தருமாறு கேட்டதற்கு, அதை வெளியிடும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. முழுக் கடிதத்தில் 'நிறுவனத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது' என்ற வரி இருக்கிறது. பணம் தரும் தேதியில் பணியில் இருக்க வேண்டும் என்பதும் இருக்கிறது.

இரண்டாவது நிறுவனம்: என்பிஎஸ் வசதி உண்டு, ஆனால் சேர்ந்த இரண்டாவது மாதத்திலிருந்துதான். பிஎஃப்பை முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் கட்டச் சொல்லலாமா என்றும் கேட்டேன். கட்டலாம், ஆனால் நிறுவனத்தின் கூடுதல் பங்கும் 13,20,000-க்குள்ளிருந்தே எடுக்கப்படும் என்றார்கள்.

இரண்டாவதின் பக்கம்தான் மனம் சாய்கிறது. மனைவிக்கு மட்டும் முதலாவதின் பெற்றோர் காப்பீடு கண்ணிலேயே நிற்கிறது. இன்றிரவு இந்த இழையை அவளுக்குக் காட்டப் போகிறேன்.

நெல்மணி (வியாழன், இரவு 8.45)

காட்டுங்கள். இரண்டாவது நிறுவனத்தில், சம்பளத்திலிருந்து ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு பெற்றோரையும் குழுக் காப்பீட்டில் சேர்ப்பார்களா என்று நாளைக் காலையில் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் சேரும் மாதத்தில் மட்டும்தான் அதற்கு வாய்ப்பு தருவார்கள்.